கிரிப்டோவில் மொத்தத்தில் நஷ்டம், ஆனாலும் வரி உண்டு: புதிதாக வந்தவர்கள் கணக்கு வைப்பது எப்படி

பிட்காயினில் ஐம்பதாயிரம் வந்தது, வேறு இரண்டு காயினில் அறுபதாயிரம் போனது, கூட்டிக் கழித்தால் கைநஷ்டம்தான், அப்புறம் எதற்கு வரி என்று கேட்பவர்கள் ஒவ்வொரு ஜூலை மாதமும் வருகிறார்கள். பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. இந்திய வருமான வரிச் சட்டப்படி அந்த ஐம்பதாயிரத்துக்கு முழு வரி உண்டு, அறுபதாயிரம் போனதைச் சட்டம் கண்டுகொள்ளாது. இது எப்படி என்று புரிந்துவிட்டால், எந்தக் கணக்கை எப்படி எழுதி வைக்க வேண்டும் என்பது பாதி புரிந்த மாதிரி.

யாருக்கு எழுதுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வசிக்கிற, சம்பளம் வாங்குகிற, செல்போன் ஆப்பில் காயின் வாங்கி விற்கிற சாதாரண ஆள். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போனவர்களுக்குக் கணக்கே வேறு, அது இங்கே இல்லை. எடுத்துக்கொள்ளும் வருஷம் 2025-26 நிதியாண்டு, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்களெல்லாம் மாறுகின்றன, ஆனால் 2025-26 வருமானத்துக்குப் பழைய 1961 சட்டம்தான், எனவே பழைய எண்களையே சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

2022 பட்ஜெட்டில் கிரிப்டோவுக்கு என்று தனியாக ஒரு பிரிவு வந்தது, 115BBH. சட்டத்தில் கிரிப்டோ என்ற பெயர் கிடையாது, மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என்று வைத்திருக்கிறார்கள், ரிட்டர்ன் படிவத்தில் அதுவே சுருங்கி VDA என்று நிற்கும். இந்தச் சொத்தைக் கைமாற்றி வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். ஒரு நாள் வைத்திருந்து விற்றாலும் அதுதான், ஐந்து வருஷம் வைத்திருந்து விற்றாலும் அதுதான். பங்குச் சந்தையில் இருப்பது போலக் குறுகிய காலம், நீண்ட காலம் என்ற பாகுபாடு இங்கே இல்லை.

விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழிக்கலாம். அவ்வளவுதான், வேறு எதையும் கழிக்க முடியாது. எக்ஸ்சேஞ்ச் பிடித்த கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி, இன்டர்நெட் பில், கணக்குப் போட வாங்கிய மென்பொருள் எதுவும் செல்லாது. வாங்கும்போது கொடுத்த கட்டணத்தையாவது வாங்கிய விலையோடு சேர்க்கலாமே என்று சில ஆடிட்டர்கள் வாதிடுகிறார்கள், வாதத்தில் நியாயமும் இருக்கிறது, ஆனால் நூறு இருநூறு ரூபாய் கட்டணத்துக்காக அந்த வழக்கைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ள வேண்டுமா என்பது உங்கள் முடிவு. நானாக இருந்தால் சேர்க்க மாட்டேன்.

அடுத்தது தள்ளுபடி. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று கேட்டிருப்பீர்கள். அது 87A பிரிவின் தள்ளுபடியால் கிடைப்பது, 2025-26 முதல் அந்தத் தள்ளுபடி இது போன்ற தனி விகித வருமானங்களுக்குக் கிடையாது. சம்பளத்துக்கு ஒரு பைசா வரி இல்லாதவரும் காயின் லாபத்துக்கு 31.2 சதவீதம் கட்டியே ஆக வேண்டும். வேலையே இல்லாத கல்லூரி மாணவர் காயினில் இருபதாயிரம் சம்பாதித்தாலும் அப்படித்தான், அடிப்படை விலக்கு வரம்பைக் காட்டி அதைக் குறைக்க முடியாது.

கடைசியாக நஷ்டம். காயினில் வந்த நஷ்டத்தைச் சம்பளத்தோடோ, வீட்டு வாடகையோடோ, பங்கு லாபத்தோடோ ஈடுகட்ட முடியாது, அடுத்த வருஷத்துக்கும் எடுத்துப்போக முடியாது. இதுவரை பலருக்கும் தெரியும். தெரியாதது, ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தோடும் ஈடுகட்ட முடியாது என்பது. 2022 மார்ச்சிலேயே மத்திய அரசு நாடாளுமன்றத்தில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் மார்ச் மாதக் கடைசியில் நஷ்டத்தில் கிடக்கும் காயினை விற்று வரியைக் குறைக்கலாம் என்று யூடியூபில் யாராவது சொன்னால், அவர் வேறு நாட்டுச் சட்டத்தைச் சொல்கிறார். இங்கே அப்படி விற்றால் டிடிஎஸ் பிடித்தது மட்டும்தான் மிச்சம்.

எதெல்லாம் கைமாற்றம்

காயினை விற்று ரூபாயாக்கினால் கைமாற்றம். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரு காயினைக் கொடுத்து இன்னொரு காயின் வாங்கினாலும் கைமாற்றம்தான், ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரவே இல்லை என்றாலும். காயின் கொடுத்து ஒரு பொருள் வாங்கினாலும் அதே.

புதியவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் USDT. டாலரோடு விலை ஒட்டியே இருப்பதால் அதைக் காசு என்று நினைத்துவிடுகிறார்கள். ரூபாய் போட்டு USDT வாங்கி, அதை வைத்து நாள் முழுக்க வேறு காயின்கள் வாங்கி விற்று, கடைசியில் திரும்ப USDT ஆக்கி, அதை ரூபாயாக்கினால் ‘நான் ஒரே தடவைதான் விற்றேன்’ என்பார்கள். சட்டத்தின் கண்ணில் USDT-யும் மற்ற காயின்களைப் போல ஒரு டிஜிட்டல் சொத்து. அதைக் கொடுத்து வேறு காயின் வாங்கிய ஒவ்வொரு தடவையும் ஒரு கைமாற்றம், அந்தக் காயினைத் திரும்ப USDT ஆக்கியது இன்னொன்று. ஒரு நாளில் இருபது டிரேட் போட்டிருந்தால் பதிவேட்டில் இருபது வரிசை வர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அந்த நேரத்து ரூபாய் மதிப்பு வேண்டும்.

கைமாற்றம் ஆகாதது, உங்கள் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து உங்கள் சொந்த வாலட்டுக்கு அனுப்புவது, அல்லது உங்கள் பெயரிலேயே உள்ள வேறு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புவது. உரிமையாளர் மாறவில்லை, வரி இல்லை. வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலும் வரி இல்லை, விலை பத்து மடங்கு ஏறியிருந்தாலும் சரி.

ஒரு சதவீத டிடிஎஸ்

2022 ஜூலை 1 முதல் 194S பிரிவின் கீழ், காயின் விற்கும்போது விற்ற தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கிறார்கள். கவனியுங்கள், லாபத்தில் இல்லை, விற்ற தொகையில். நஷ்டத்துக்கு விற்றாலும் பிடிப்பார்கள். சட்டத்தில் ஆளைப் பொறுத்து வருஷத்துக்கு 50,000, 10,000 என்று வரம்புகள் இருந்தாலும், இந்திய எக்ஸ்சேஞ்சுகள் பெரும்பாலும் முதல் விற்பனையிலேயே பிடித்துவிடுகின்றன. காயினுக்குக் காயின் மாற்றும்போது இரண்டு பக்கமும் விற்பவர்கள்தான் என்பதால் இருவரிடமும் பிடிக்கப்படும், ரூபாய் இல்லாத இடத்தில் காயினாகவே பிடித்து, எக்ஸ்சேஞ்ச் அதை ரூபாயாக்கி அரசுக்குக் கட்டும்.

டிடிஎஸ் பிடித்துவிட்டார்களே, வரி முடிந்ததே என்று நினைக்காதீர்கள். இது முன்பணம் மாதிரி. ரிட்டர்ன் போடும்போது உங்கள் வரியிலிருந்து இதைக் கழித்துக்கொள்ளலாம், வரியைவிட அதிகம் பிடித்திருந்தால் திரும்பப் பெறலாம். அதோடு இந்த ஒரு சதவீதத்துக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. உங்கள் பான் எண்ணோடு ஒவ்வொரு விற்பனையும் வரித் துறைக்குப் போய்ச் சேர்கிறது. 2025-இல் ரிட்டர்னில் காயின் வருமானத்தைக் காட்டாமல் விட்டவர்களுக்கு வரித் துறை மின்னஞ்சல் அனுப்பியதற்கு இந்தத் தகவல்தான் அடிப்படை.

ஒருவரின் கணக்கு, ஆரம்பம் முதல் கடைசி வரை

கோவையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, சம்பளம் வருஷத்துக்கு 8 லட்சம், புதிய வரி முறை, சம்பளத்துக்கு வரி பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க விலைகளை நானே உருண்டையாக வைத்திருக்கிறேன்.

2025 ஏப்ரலில் ஒரு லட்சத்துக்குப் பிட்காயின் வாங்குகிறார். கூடவே யாரோ டெலிகிராமில் சொன்னார்கள் என்று ஒரு சின்னக் காயினை 60,000-க்கு வாங்குகிறார். ஆகஸ்டில் பிட்காயினில் பாதியை 70,000-க்கு விற்கிறார். அந்தப் பாதியின் அடக்கவிலை 50,000, லாபம் 20,000, டிடிஎஸ் 700.

அக்டோபரில் மீதிப் பிட்காயினைக் கொடுத்து ஈதர் வாங்குகிறார். அன்றைக்கு அந்தப் பிட்காயினின் மதிப்பு 80,000. ரூபாயே கைக்கு வரவில்லை, ஆனாலும் அடக்கவிலை 50,000 போக 30,000 லாபம் ஆகிவிட்டது. டிடிஎஸ் 800, அதைக் காயினாகவே பிடித்துக்கொண்டார்கள், ஆக அவர் கணக்குக்கு வந்த ஈதரின் மதிப்பு 79,200. இந்த ஈதரின் அடக்கவிலையாகப் பதிவேட்டில் எழுத வேண்டியது இந்த 79,200-தான். பலர் இந்த இடத்தில் பழைய 50,000-ஐயே ஈதருக்கும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அப்போது அக்டோபர் லாபம் கணக்கிலிருந்து காணாமல் போய், பிற்பாடு எல்லாமே தப்பாகிறது.

ஜனவரியில் டெலிகிராம் காயினை 20,000-க்கு விற்றுத் தலைமுழுகுகிறார். நஷ்டம் 40,000, டிடிஎஸ் 200. பிப்ரவரியில் பயந்துபோய் ஈதரையும் 60,000-க்கு விற்கிறார். நஷ்டம் 19,200, டிடிஎஸ் 600.

இப்போது பாருங்கள். லாபம் வந்த இரண்டு விற்பனையில் 20,000-மும் 30,000-மும், ஆக 50,000. நஷ்டம் வந்த இரண்டில் 59,200. நிஜத்தில் அவர் 9,200 ரூபாய் இழந்திருக்கிறார். வரிக் கணக்கிலோ வருமானம் 50,000, அதில் 30 சதவீதம் 15,000, செஸ் 600, மொத்தம் 15,600. டிடிஎஸ் பிடித்தது 700, 800, 200, 600 சேர்த்து 2,300. மீதி 13,300-ஐ அவர் கையிலிருந்து கட்ட வேண்டும். ஒன்பதாயிரம் தோற்றவருக்கு மொத்தத்தில் கிட்டத்தட்ட இருபத்தைந்தாயிரம் செலவு.

இதில் இன்னொரு நுணுக்கம். ஒரே காயினை வேறு வேறு விலையில் வாங்கியிருந்தால், எந்த முறையில் அடக்கவிலை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே வரி மாறும். ஒரு காயினை 100-க்கும் அதே வகையில் இன்னொன்றை 200-க்கும் வாங்கி, இரண்டையும் 150-க்கு விற்றால், முதலில் வாங்கியது முதலில் விற்றது என்ற முறையில் முதல் விற்பனையில் 50 லாபம், இரண்டாவதில் 50 நஷ்டம், நஷ்டம் செல்லாது, 50-க்கு வரி. சராசரி விலை எடுத்தால் லாபமும் இல்லை, வரியும் இல்லை. 115BBH பிரிவு இதில் எந்த முறை என்று சொல்லவில்லை. ஆடிட்டர்கள் பெரும்பாலும் பிடித்துக்கொள்வது முதலில் வாங்கியது முதலில் விற்றது என்ற முறையைத்தான், கேள்வி வந்தால் பதில் சொல்ல அதுதான் சுலபம். எதை எடுத்தாலும் எல்லாக் காயினுக்கும் எல்லா வருஷமும் அதையே வைத்துக்கொள்ளுங்கள், லாபம் வந்த காயினுக்கு ஒன்று, நஷ்டம் வந்ததற்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டால் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

பதிவேட்டை எப்படி வைப்பது

எக்ஸ்சேஞ்சே எல்லாவற்றையும் வைத்திருக்கிறதே, நான் எதற்கு எழுத வேண்டும் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். 2023 டிசம்பர் கடைசியில் மத்திய நிதி நுண்ணறிவுப் பிரிவு ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது, 2024 ஜனவரியில் அவற்றின் தளங்களும் ஆப்களும் இந்தியாவில் முடக்கப்பட்டன. பைனான்ஸ் போன்ற சில பிறகு பதிவு செய்துகொண்டு திரும்பி வந்தன, ஆனால் இடைப்பட்ட காலத்தில்தான் ரிட்டர்ன் போடும் ஜூலை மாதமும் வந்தது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸில் பெரிய திருட்டு நடந்து வாடிக்கையாளர்களின் கணக்குகள் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்ததும் ஞாபகம் இருக்கும். எக்ஸ்சேஞ்ச் இருக்கும்போதே தரவை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், மூடிய பிறகு யாரிடம் போய்க் கேட்பது.

மாதம் முடிந்ததும் ஒரு தடவை, ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சிலிருந்தும் CSV கோப்பை இறக்குங்கள். டிரேட் வரலாறு மட்டும் போதாது, பணம் போட்டது எடுத்தது, காயின் உள்ளே வந்தது வெளியே போனது, மூன்றும் தனித்தனிக் கோப்பாக இருக்கும், மூன்றும் வேண்டும். இறக்கிய கோப்பை அப்படியே தொடாமல் ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டு, நகல் எடுத்து அதில் வேலை பாருங்கள். ஏனென்றால் எக்செல் ஒரு கோப்பைத் திறந்து சேமித்தாலே நீளமான பரிவர்த்தனை எண்களின் கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும், 0.00004 போன்ற சின்ன அளவுகளை வேறு வடிவில் காட்டும். மூலக்கோப்பு இருந்தால் பயமில்லை.

பிறகு உங்கள் பதிவேடு. எக்செலோ கூகுள் ஷீட்டோ, எது வேண்டுமானாலும். விற்பனைக்கு ஒரு வரிசை, அதில் வர வேண்டியவை இவ்வளவுதான்:

```
A காயின்   B அளவு   C வாங்கிய தேதி   D விற்ற தேதி
E வாங்கிய மொத்த விலை ரூ.   F விற்ற மொத்த விலை ரூ.
G வரிக்குரிய லாபம்   H நிஜ லாபம்/நஷ்டம்
I டிடிஎஸ்   J எக்ஸ்சேஞ்ச்   K பரிவர்த்தனை எண்
```

G நிரலில் இந்தச் சூத்திரம்:

```
=MAX(0,F2-E2)
```

நஷ்டம் வந்தால் பூஜ்யம் காட்டும், ரிட்டர்ன் படிவமும் அப்படித்தான் கேட்கிறது. H நிரல் வரிக்கு உதவாது, ஆனால் உண்மையில் சம்பாதிக்கிறீர்களா இழக்கிறீர்களா என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா.

ரூபாய் விலை இல்லாத டிரேடுகளுக்கு, அதாவது காயினுக்குக் காயின், அந்த நேரத்தில் அதே எக்ஸ்சேஞ்சில் ரூபாய்ச் சந்தை விலை என்னவோ அதை எடுங்கள். அங்கே ரூபாய்ச் சந்தை இல்லையென்றால் அந்தக் காயினின் USDT விலையை USDT-யின் ரூபாய் விலையால் பெருக்குங்கள். விலையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பக்கத்தில் ஒரு வார்த்தை குறித்து வையுங்கள்.

நேரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. பல எக்ஸ்சேஞ்சுகளின் கோப்பில் நேரம் UTC-இல் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. மார்ச் 31 இரவு 8 மணி என்று கோப்பில் இருப்பது நமக்கு ஏப்ரல் 1 அதிகாலை ஒன்றரை, அதாவது அடுத்த நிதியாண்டு. நாள் மாறும் இடத்தில் மட்டுமாவது இதைப் பார்த்துவிடுங்கள்.

அடக்கவிலை தொலைந்துபோவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒரு எக்ஸ்சேஞ்சில் 2023-இல் வாங்கிய காயினைச் சொந்த வாலட்டுக்கு எடுத்து, இரண்டு வருஷம் கழித்து வேறு எக்ஸ்சேஞ்சில் போட்டு விற்கிறீர்கள். இரண்டாவது எக்ஸ்சேஞ்சுக்கு நீங்கள் அதை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று தெரியாது, அதன் வரி அறிக்கையில் வாங்கிய விலை பூஜ்யம் என்று வரும். அதை நம்பி ரிட்டர்ன் போட்டால் விற்ற மொத்தத் தொகைக்கும் 31.2 சதவீதம் கட்டுவீர்கள். காயின் இடம் மாறும் ஒவ்வொரு தடவையும் தேதி, அளவு, எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, பிளாக்செயினில் அந்தப் பரிமாற்றத்தின் எண் ஆகியவற்றைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். 2023-இல் வாங்கியதும் 2025-இல் விற்றதும் அதே காயின்தான் என்று நிரூபிக்க அந்தச் சங்கிலி ஒன்றுதான் இருக்கிறது. வருஷக் கடைசியில் பதிவேட்டின்படி கையில் இருக்க வேண்டிய காயின் அளவையும், எக்ஸ்சேஞ்சும் வாலட்டும் காட்டும் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ ஒரு வரிசை விட்டுப்போயிருக்கிறது.

நேரடியாக இன்னொரு ஆளிடம் வாங்கி விற்கும் பி2பி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிராளியின் பெயர், அவர் பணம் அனுப்பிய யுபிஐ அல்லது வங்கிப் பரிமாற்ற எண், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வையுங்கள். வரிக்காக மட்டும் இல்லை. யாரோ ஏமாற்றிய பணம் உங்கள் கணக்குக்கு வந்து, சைபர் கிரைம் புகாரில் கணக்கு முடங்கினால், வங்கியும் போலீசும் முதலில் கேட்பது இவற்றைத்தான். எக்ஸ்சேஞ்ச் நடுவில் இல்லாமல் நேரே வாங்கினால் டிடிஎஸ் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவர் தலையில், சம்பளக்காரர்களுக்கு வருஷத்துக்கு 50,000 தாண்டினால் 26QE படிவத்தில் கட்ட வேண்டும். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் காயின் வைத்திருந்தால், வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் Schedule FA பற்றி ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், அங்கே அபராதம் பெரியது.

மார்ச் 15-க்கு முன்பே

டிடிஎஸ் போக வருஷத்துக்குக் கட்ட வேண்டிய வரி 10,000 அல்லது அதற்கு மேல் வந்தால், ஜூலை வரை காத்திருக்க முடியாது, முன்கூட்டியே கட்ட வேண்டும். தவணைகள் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. சம்பளக்காரர்களுக்குக் கம்பெனியே எல்லாம் பிடித்துவிடுவதால் இந்தப் பழக்கமே இருப்பதில்லை.

நம் கோவைத் தம்பியைப் பாருங்கள். ஆகஸ்ட் லாபத்தோடு நின்றிருந்தால் வரி 6,240, கவலை இல்லை. அக்டோபரில் காயின் மாற்றியதும் வரி 15,600, அதுவரை பிடித்த டிடிஎஸ் 1,500, மீதி 14,100. அன்றைக்கே அவர் முன்வரி கட்டும் ஆளாகிவிட்டார், அவருக்குத் தெரியாது, ஏனென்றால் ரூபாயே கைக்கு வரவில்லை. டிசம்பர் 15-க்குள் முக்கால் பங்கும், மார்ச் 15-க்குள் முழுசும் கட்டியிருக்க வேண்டும். ஒன்றுமே கட்டாமல் ஜூலையில் கட்டினால் 13,300-க்கு மாதம் 1 சதவீதம் வீதம் ஏப்ரல் முதல் நான்கு மாதம், 532 ரூபாய் வட்டி, தவணை தவறியதற்கு இன்னும் கொஞ்சம். பெரிய தொகை இல்லைதான். லாபம் ஐந்து லட்சமாக இருந்தால் வலிக்கும்.

ரிட்டர்ன் போடும்போது

முதலில் வரித் துறைத் தளத்தில் உங்கள் வருஷப் பரிவர்த்தனைகளைக் காட்டும் AIS-ஐயும் பிடித்த டிடிஎஸ்ஸைக் காட்டும் 26AS-ஐயும் இறக்கி, 194S என்று இருப்பவற்றை உங்கள் I நிரலோடு ஒப்பிடுங்கள். எக்ஸ்சேஞ்ச் பிடித்தும் கட்டாமல் விட்டிருந்தால் இங்கேதான் தெரியும், உடனே எக்ஸ்சேஞ்சுக்கு எழுதுங்கள். AIS-இல் இருக்கும் பெரிய தொகையைப் பார்த்து அலறாதீர்கள், அது விற்ற தொகை, லாபம் இல்லை.

படிவம் ITR-2. வழக்கமாக ITR-1 போடுகிறவர்கள் அதில் இதைக் காட்ட முடியாது, அந்த வசதியே அதில் இல்லை. தொழிலாகவே டிரேட் செய்பவர்களுக்கு ITR-3. உள்ளே Schedule VDA-வைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்கிய தேதி, விற்ற தேதி, எந்தத் தலைப்பில் வருமானம், வாங்கிய விலை, விற்ற விலை, லாபம் என்று கேட்கும். உங்கள் பதிவேட்டில் C முதல் G வரை இருப்பதுதான் இது, அப்படியே எடுத்துப் போடலாம். தலைப்பு என்ற இடத்தில் சம்பளக்காரர்கள் Capital Gain தேர்ந்தெடுப்பார்கள்.

நஷ்டம் வந்த விற்பனைகளையும் சேர்த்தே போடுங்கள். வரி குறையாது, லாபம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட வேண்டும். ஆனால் போடாமல் விட்டால், AIS-இல் விற்ற தொகை 2,30,000 என்றும் உங்கள் ரிட்டர்னில் 1,50,000 என்றும் நிற்கும், கம்ப்யூட்டர் அந்த வித்தியாசத்தைப் பிடித்து உங்களுக்குக் கடிதம் அனுப்பும். கோவைத் தம்பி நான்கு விற்பனையும் போட வேண்டும், இரண்டு அல்ல. Schedule CG-இல் எந்தக் காலகட்டத்தில் லாபம் வந்தது என்று பிரித்துக் கேட்கும் இடத்தையும் விடாமல் நிரப்புங்கள், தவணை வட்டி அதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. டிடிஎஸ் பகுதியில் 2,300 வந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு மீதியைக் கட்டி அனுப்பலாம்.

போன வருஷங்களில் காட்டாமல் விட்டிருக்கிறீர்களா? ITR-U என்ற புதுப்பித்த ரிட்டர்ன் இருக்கிறது, நிதியாண்டை அடுத்து வரும் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை போடலாம். விலை, வரியோடும் வட்டியோடும் சேர்த்துக் கூடுதலாக முதல் 12 மாதத்துக்குள் 25 சதவீதம், பிறகு 50, 60, கடைசி வருஷம் 70. தாமதிக்கத் தாமதிக்க ஏறும், அதனால் பழைய CSV கோப்புகள் கிடைக்கிறதா என்று இப்போதே தேடுங்கள்.

கோப்புகளை எத்தனை வருஷம் வைப்பது? பழைய கணக்கைத் திறக்க வரித் துறைக்கு மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்றே கால் வருஷம், மறைந்த தொகை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஐந்தே கால் வருஷம் அவகாசம் உண்டு. இதை விற்ற வருஷத்திலிருந்து எண்ண வேண்டும், வாங்கிய வருஷத்திலிருந்து அல்ல. 2021-இல் வாங்கிய பிட்காயின் இன்னும் கையில் இருந்தால், அந்த 2021 ரசீதுக்கு இன்னும் வேலையே ஆரம்பிக்கவில்லை.